பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதுவது எப்படி

கேள்வி: "பாம்பன் பக்கம் எங்க ஊரு. பசங்க வாட்ஸ்அப் குரூப்ல போன் ஸ்கிரீன் உடைஞ்சா, பிஸ்கட் பாக்கெட் காலியானா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செஞ்சு போடுவோம். மத்தவங்க போடுறதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் போட்டா ஒருத்தரும் கண்டுக்கிறதில்ல. போன வாரம் போட்டதுக்குப் பெரியப்பா கூப்பிட்டுத் திட்டிட்டாரு. எங்க தப்பு நடக்குது? எப்படி எழுதணும்ணே?"

தம்பி, சிரிப்பு வராததற்கு ஒரு காரணம், பெரியப்பா திட்டியதற்கு வேறொரு காரணம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடாது. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு அஞ்சலி போஸ்டர் வாசகம் எழுதுவதும் அச்சுக்குத் திருத்துவதும் பல வருடங்களாக என் வேலை. அதனால் நிஜப் போஸ்டரிலிருந்தே தொடங்குகிறேன். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அதைப் போலச் செய்ய முடியாது.

உச்சிப்புளியில் ஒட்டினாலும் தொண்டியில் ஒட்டினாலும் போஸ்டரின் சட்டகம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் படம். படத்துக்கு ஒரு பக்கம் 'தோற்றம்' என்று பிறந்த தேதி, மறுபக்கம் 'மறைவு' என்று இறந்த தேதி. அதன் கீழே பெயரும் வயதும், பிறகு இரண்டு மூன்று வரி உருக்கமான வாசகம். அதற்கும் கீழே, இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு, எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்ற விவரம். கடைசியில் 'இவண்' என்று போட்டு அடுக்கடுக்காகப் பெயர்கள். இதில் மேல்பாதி உணர்ச்சி, கீழ்ப்பாதி நிர்வாகம். நேரம், இடம், உறவுமுறை, யார் சார்பில் என்பதெல்லாம் அழுதுகொண்டே எழுதும் வரிகள் கிடையாது. சாவு வீட்டில் அழாமல் நிற்கிற ஒரு மாமாவோ மச்சானோ துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுப்பவை.

கேலி அஞ்சலி எடுபடாமல் போவது பெரும்பாலும் இந்த மேல்பாதியில்தான். 'எங்களை விட்டுப் பிரிந்த பிஸ்கட்டே, நீ இல்லாத உலகம் இருண்டுவிட்டது' என்று எழுதி நான்கு அழுகை முகத்தை ஒட்டினால் அது எந்தப் பொருளுக்கும் பொருந்தும். பிஸ்கட்டை எடுத்துவிட்டுச் செருப்பு என்று போடலாம், பேனா என்று போடலாம். அந்தப் பாக்கெட்டைப் பற்றி அந்த வரியில் எதுவுமே இல்லை. அழுகை முகங்களோ 'இது தமாஷ், சிரியுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. படிப்பவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கீழ்ப்பாதிக்கு வாருங்கள். நேரமும் இடமும் பெயரும் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு வரும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஒழுங்கா என்ற பொருந்தாமைதான் அங்கே வேலை செய்கிறது.

இந்த உத்தி நம் வாட்ஸ்அப்புக்கு ரொம்ப முந்தியது. 1882 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவிடம் 7 ரன்னில் தோற்றது. சில நாளில் ஒரு லண்டன் பத்திரிகை இங்கிலாந்து கிரிக்கெட்டுக்கே மரண அறிவிப்பு போட்டது. ஓவலில் இன்ன தேதியில் இறந்தது, துயருறும் நண்பர்கள் ஏராளம், ஆன்மா சாந்தியடைக என்று நிஜ அறிவிப்பின் அச்சிலேயே வரிகள் போகும். கடைசியில் ஒரு குறிப்பு: உடல் எரியூட்டப்படும், சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்படும். இன்றுவரை அந்த இரண்டு அணிகளும் 'ஆஷஸ்' என்ற பெயரில் மோதுவது அந்தக் கடைசிக் குறிப்பால்தான். அதில் அழுகை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உடலை என்ன செய்வார்கள், சாம்பல் எங்கே போகும் என்ற ஏற்பாடு மட்டும்தான். நினைவில் நின்றது அதுதான்.

இனி உங்கள் பிஸ்கட் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். எழுதுவதற்கு முன் நான்கு விவரம் சேகரியுங்கள்: எங்கே வாங்கியது, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, கடைசியாகப் பக்கத்தில் இருந்தது யார். இவை நிஜமாக நடந்தவையாக இருக்க வேண்டும். குரூப்பில் இருப்பவர்களுக்கு அந்த முக்குக் கடையும் தெரியும், அந்த மொட்டைமாடியும் தெரியும், யார் கை நீளம் என்றும் தெரியும். இட்டுக்கட்டிய விவரத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு இப்படி எழுதலாம்:

பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி
தோற்றம்: இன்று மாலை 5.10, முக்குக் கடை
மறைவு: இன்று மாலை 5.25, மொட்டைமாடி
திருவாளர் கிரீம் பிஸ்கட் பாக்கெட் (வயது 15 நிமிடம்) அவர்கள் இன்று மாலை நம்மை விட்டுப் பிரிந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
கடைசி நேரத்தில் உடனிருந்தவர்: சின்னவன். விசாரித்தபோது வாய் திறக்க மறுத்துவிட்டார்.
அன்னாரது உறை இன்று மாலை 6 மணியளவில் மாடிப்படியிலிருந்து புறப்பட்டு, கொல்லைப்புறக் குப்பைக்கூடையில் நல்லடக்கம் செய்யப்படும்.
இவண்: ஆறிப்போன டீ, டம்ளர்கள், மற்றும் எறும்புகள்.

இதில் எந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வயது 15 நிமிடம் என்பதை யாரும் விளக்கவில்லை. தோற்றத்தையும் மறைவையும் கழித்தால் வருகிற கணக்கு அது. படிப்பவர் அதைத் தானே கழித்துச் சரிபார்க்கும் அந்த ஒரு விநாடியில் முதல் சிரிப்பு வந்துவிடும். 'வாய் திறக்க மறுத்துவிட்டார்' என்ற இடத்தில் வாய் நிறைய பிஸ்கட் இருக்கிறது என்று எழுதவே கூடாது. எழுதினால் வரி செத்துவிடும். பாக்கெட்டில் இருந்தது போய்விட்டது, அடக்கம் செய்ய மிஞ்சியது உறை மட்டும்தான். அதனால் 'அன்னாரது உறை' என்று இருக்கிறது. 'அன்னாரது உடல்' என்று போட்டிருந்தால் விவரம் தப்பாகிவிடும். இவண் பகுதியில் வரிசை முக்கியம். டீ முதலில், எறும்பு கடைசியில். டீக்குத் துணை போன வருத்தம் உண்டு, எறும்புக்கு மிச்சம் கிடைத்த லாபம் உண்டு. லாபம் அடைந்தவரைக் கடைசியில் நிறுத்தினால் முடிவு அதுவாகவே விழும். அதற்கப்புறம் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். 'ஹாஹா' வேண்டாம், அழுகை முகம் வேண்டாம்.

மொழிநடை முழுக்க அச்சுத் தமிழாகவே இருக்கட்டும். 'நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று தொடங்கி நடுவில் 'செம பசி மச்சி' என்று இறங்கினால் சட்டகம் உடைந்துவிடும். படத்துக்கு இணையத்தில் தேடவேண்டாம். காலி உறையைச் சுவர் ஓரமாக நிமிர்த்தி வைத்து, நேர்முகமாக, பாஸ்போர்ட் படம் மாதிரி எடுங்கள். கசங்கிய உறையாக இருந்தால் இன்னும் நல்லது, அந்த ஒரு பாக்கெட்டுக்கே உரிய முகம் அதற்கு வந்துவிடும். மாலையும் குத்துவிளக்கும் வைக்கும் ஸ்டிக்கர்களைத் தவிர்த்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போன் ஸ்கிரீன் கொஞ்சம் சிக்கலான சமாசாரம். பிஸ்கட்டின் விலை பத்து ரூபாய், யாருக்கும் உண்மையான வருத்தம் இல்லை. ஸ்கிரீன் அப்படியில்லை. வெளிக் கண்ணாடியில் மட்டும் கீறல் விழுந்து, தொட்டால் வேலை செய்தால் அதோடு பல மாதம் ஓட்டிவிடலாம். உள்ளே டிஸ்ப்ளேயில் கறுப்புத் திட்டு பரவினாலோ, பச்சைக் கோடு விழுந்தாலோ, ஒரு ஓரம் தொடுதலுக்கு அசையாமல் போனாலோ டிஸ்ப்ளேயை மொத்தமாக மாற்ற வேண்டும். அது ஆயிரக்கணக்கில் போகும் செலவு. ஆகவே முதலில் எது உடைந்தது என்று பாருங்கள். அதிலும் மேலே ஒட்டிய டெம்பர்டு கிளாஸ் மட்டும் உடைந்து உள்ளே ஸ்கிரீன் தப்பித்திருந்தால், அதைவிட நல்ல பொருள் உங்களுக்குக் கிடைக்காது. நகத்தால் ஓரத்தை நெம்பினால் கீறலோடு சேர்ந்து தனியாக உரிந்து வரும். அப்படி வந்தால் இறந்தது கிளாஸ், பிழைத்தது போன். நூறு இருநூறு ரூபாய்ப் பொருள், தான் உடைந்து இன்னொன்றைக் காப்பதற்காகவே ஒட்டப்பட்டது. 'கடமையின்போது தன்னுயிர் ஈந்தார்' என்ற போஸ்டர் வாசகம் அதற்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். தோற்றம், போன் கடையில் ஒட்டிய தேதி. மறைவு, பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் விழுந்த நேரம். இவண், கீறல் விழாத ஸ்கிரீன்.

டிஸ்ப்ளேயே போய்விட்டால், போனுக்குச் சொந்தக்காரர் முதலில் கேலி செய்யும்வரை மற்றவர்கள் எழுதக்கூடாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். தன் இழப்பைத் தானே கேலி செய்தால் அது நகைச்சுவை. கடனுக்கு வாங்கிய போன் போய் ஒருவன் முழித்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் போஸ்டர் அடித்தால் அது குத்தல்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய வாசகம் என்ன என்று சொல்லவில்லை, ஆனால் முதல் வரி 'கண்ணீர் அஞ்சலி' என்றோ 'மறைவு' என்றோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். போனில் அறிவிப்பு வரும்போது பூட்டிய திரையில் முதல் சில சொற்கள் மட்டும்தான் தெரியும். படமாக அனுப்பினால் கறுப்புக் கரையும் பெரிய எழுத்தும் முதலில் கண்ணில் படும்; பிஸ்கட் பிறகுதான் தெரியும். நம் கரையில் இது சாதாரண விஷயமில்லை. விசைப்படகு கடலுக்குப் போயிருக்கிற இரவில், திரும்பி வரும் விடியற்காலையில், கரையில் இருப்பவர்கள் போனைப் பார்த்தபடிதான் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஊர்ப் பையன் ஒருவனிடமிருந்து 'கண்ணீர் அஞ்சலி' என்று வந்தால் அடுத்த சொல்லைப் படிப்பதற்குள் நெஞ்சு நின்று போகும். பிறகு பிஸ்கட் என்று தெரிந்தாலும் அந்தப் பதற்றம் கோபமாகத்தான் இறங்கும். பெரியப்பா திட்டியது நியாயம்.

இதற்குத் தீர்வு எளிது. மேலே கொடுத்த மாதிரியில் 'பிஸ்கட் பாக்கெட்டுக்கு' என்று முதலிலேயே வருவதற்கு அதுதான் காரணம். நிஜப் போஸ்டரில் தலைப்பு தனியாக நிற்கும், கேலியில் பொருளின் பெயர் தலைப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். சிரிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் யாரும் பதற மாட்டார்கள். படமாகச் செய்தாலும் பொருளின் படம் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளட்டும். மனிதப் பெயரைத் தலைப்பில் வைக்காதீர்கள், மனிதர் படத்தை எங்குமே வைக்காதீர்கள். 'சேகரின் போனுக்கு' என்று எழுதினால்கூட 'சேகரின்' என்பதோடு அறிவிப்பு வெட்டுப்பட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. ஒரு குரூப்பில் போட்டது அந்தக் குரூப்பிலேயே நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஃபார்வர்டில் போகும்போது முன்னால் நடந்த அரட்டை கூடப் போகாது, போஸ்டர் மட்டும் தனியாகப் போகும்.

மாலை, விளக்கு வேண்டாம் என்றேன். நம் கரையில் ஒரே தெருவில் மூன்று மதத்து வீடும் இருக்கும். தோற்றம், மறைவு, வயது, நேரம், இவண் இவையெல்லாம் பொதுச் சொத்து. அவற்றோடு விளையாடலாம். ஒவ்வொரு வீட்டிலும் சாவின்போது வைக்கும் மாலையும் விளக்கும், சொல்லப்படும் பிரார்த்தனையும் அந்த வீட்டுக்கே உரியவை. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்று இறந்தவர்களின் இளைப்பாற்றிக்காக வேண்டுகிறார்கள்; ஆங்கிலத்தில் பசங்க எழுதும் 'ஆர்.ஐ.பி.'யே அந்த மாதிரி ஒரு லத்தீன் வேண்டுதலின் சுருக்கம்தான். கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ முஸ்லிம் நண்பர் ஒருவர் ஏதாவது தொலைந்துபோனதற்கு 'இன்னா லில்லாஹி' என்று சொன்னால் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இழப்பின்போதும், சின்ன இழப்பானாலும், மனசாரச் சொல்லப்படும் வார்த்தை அது. சிவலோக பதவி, நித்திய இளைப்பாற்றி, ஜனாஸா இந்த மூன்றையும் கேலிப் போஸ்டரில் தொடவே வேண்டாம். 'ஆன்மா சாந்தியடைய' என்பது எல்லாரும் பயன்படுத்தும் சொல்லாகிவிட்டது, இருந்தாலும் பிஸ்கட்டுக்கு ஆன்மாவைக் கொண்டுவராமலேயே போஸ்டர் நன்றாக வருகிறது என்பது என் கணிப்பு.

எது சில்லறை இழப்பு என்பதை இன்னொரு ஊரின் அளவுகோலால் நம் ஊரில் அளக்கவும் முடியாது. நண்டு வலை அறுந்ததற்கு அஞ்சலிப் போஸ்டர் போட்டால் மதுரையில் சிரிப்பார்கள். இங்கே அது ஒரு வீட்டின் பல நாள் வருமானம். படகு, வலை, எஞ்சின், பாசி எடுக்கப் போகும் பெண்களின் கண்ணாடி இவை எதையும் இந்த விளையாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், காலி அரிசி டப்பாவுக்கும் காலிப் பர்ஸுக்கும் அஞ்சலி எழுதுவதையும் தள்ளிவையுங்கள். வேறு மாதத்தில் சிரித்த அதே ஆள் அப்போது சிரிக்க மாட்டார். பொருள் தண்ணீரில் விழுந்த கேலிகளில் கூடுதல் கவனம் வேண்டும். செருப்போ ஹெட்போனோ பாலத்திலிருந்து விழுந்தால் 'கடல் கொண்டது' என்று எழுத உடனே கை போகும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பயணிகளோடு ரயில் போனதையும் தம் வீட்டு இழப்பாகச் சுமக்கும் குடும்பங்கள் தீவில் இன்றும் இருக்கின்றன. 'தண்ணீரில் தவறி விழுந்தது' என்று போடுங்கள், போதும்.

ஒப்பாரி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போஸ்டரில் கை தேர்ந்ததும் அடுத்து அங்கேதான் போவீர்கள். ஒப்பாரியின் கட்டுமானம் போஸ்டருக்கு நேர் எதிர். அங்கே நிர்வாக விவரம் இல்லை, இறந்தவரை முன்னிலையில் வைத்துப் பேசும். ஒரு கண்ணி பாடிவிட்டு, அதே அமைப்பில் சொற்களை மாற்றி அடுத்த கண்ணி வரும். மோனை பிசகக்கூடாது. பிஸ்கட்டுக்கு இப்படிக் கட்டலாம்:

பத்து ரூவா குடுத்து வாங்கி
பையில வச்சுக் கொண்டுவந்தேன் – நான்
பாதிகூடத் திங்கும் முன்னே
பறிகுடுத்து நிக்கிறனே

சில்லறையத் தேடி வாங்கி
சிந்தாமக் கொண்டுவந்தேன் – நான்
சீனி ஒட்டும் கடைசி ஒண்ணும்
சிதறிப்போயி நிக்கிறனே

எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். ராகம் போட்டு வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். ஒப்பாரி ராகம் ஸ்பீக்கரில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். சொற்கள் அவர்கள் காதில் விழாது, ராகம்தான் விழும்.

அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். குரூப்பில் இருக்கும் யார் வீட்டிலாவது சமீபத்தில் சாவு நடந்திருக்கிறதா? பதினாறாம் நாள் காரியமோ, நாற்பதாம் நாளோ முடிந்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முதல் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டி முடியும்வரை பொறுப்பது நல்லது என்பது என் கருத்து. இதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. உங்கள் குரூப்பில் யார் மனசு எப்படி என்பது வெளியிலிருந்து சொல்லக்கூடியது இல்லை, அங்கே இருப்பவர்களுக்கே தெரியும். தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே 'எல்லாருக்கும் நீக்கு' என்பதை அழுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் யாராவது ஃபார்வர்ட் செய்திருந்தால் அந்தப் பிரதி நீங்காது. ஆகவே நீக்கிய கையோடு அந்த வீட்டுக்காரரை நேரில் பார்த்தோ போனிலோ 'கவனிக்காமப் போட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க' என்று சொல்லிவிடுங்கள். குரூப்பில் விளக்கம் எழுத வேண்டாம், எழுதினால் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். பெரியப்பாவிடமும் அப்படியே ஒரு வார்த்தை போதும், அடுத்த போஸ்டரில் முதல் சொல்லே 'பிஸ்கட்' என்றுதான் இருக்கும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.